பொத்தானை அழுத்திய பிறகு இரண்டு நிமிடம்

வீட்டு வைஃபைக்கு இருபது எழுத்தில் கடவுச்சொல் வைத்திருப்பவர்கள், புதிய பிரிண்டர் வாங்கும் அன்று திண்டாடிப்போவார்கள். பிரிண்டரில் விசைப்பலகை கிடையாது. இரண்டு வரி தெரியும் சின்னத் திரையும், மேலும் கீழும் நகர்த்த அம்புக்குறிகளும் மட்டும்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போய், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று குழம்பி, எல்லாம் முடிந்ததும் கடவுச்சொல் தவறு என்று திரையில் வந்து நிற்கும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் பல ரௌட்டர்களில் `WPS` என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒருமுறை அழுத்தி, பிரிண்டரில் உள்ள அதே பெயர்ப் பொத்தானையும் அழுத்தினால், கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் வலையில் இணைந்துவிடும். ஓர் எழுத்தைக்கூட உள்ளிட வேண்டாம்.

வைஃபை கருவிகளுக்குச் சான்று வழங்கும் வைஃபை அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு இந்த வசதியை 2007-இல் கொண்டுவந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே பாதுகாப்பு வல்லுநர்கள் இதை அணைத்துவிடச் சொன்னார்கள். இன்றும் ரௌட்டரைச் சரியாக அமைக்கத் தெரிந்தவர்கள் முதலில் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று. இவ்வளவு உதவியான ஒன்றை ஏன் அணைக்கிறார்கள் என்று கேட்டால், யாராவது வந்து பொத்தானை அழுத்திவிடலாம் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். உண்மைக் காரணம் அதுவல்ல. பொத்தானுக்கென்று ஒரு பலவீனம் இருக்கிறது, அது சிறியது. டபிள்யூ.பி.எஸ். என்ற அதே பெயருக்குள் பொத்தானோடு இன்னொரு வழியும் அடைக்கப்பட்டிருக்கிறது. பெரிய ஓட்டை அங்கேதான். இரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் எதை அணைக்கிறோம், எதற்காக அணைக்கிறோம் என்பது விளங்கும்.

முதலில் பொத்தான். ரௌட்டர் தன் இருப்பைச் சொல்லும் சிறு செய்தியை நொடிக்குச் சுமார் பத்து முறை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கிறது. உங்கள் போனில் தெரியும் வைஃபை பெயர்ப் பட்டியல் அந்தச் செய்திகளிலிருந்து வருவதுதான். இதை பீக்கன் என்பார்கள். பொத்தானை அழுத்தியதும் பீக்கனுக்குள் இரண்டு சிறு மாற்றங்கள் நடக்கின்றன. புதியவரைச் சேர்க்க இப்போது தயார் என்ற அடையாளம் ஒன்று. சேர்க்கும் முறை பொத்தான் முறை என்பதைக் குறிக்கும் 4 என்ற எண் மற்றொன்று. இந்த நிலை அதிகபட்சம் 120 நொடிகள் நீடிக்கும். அதற்குள் யாரும் வந்து சேராவிட்டால் அடையாளம் மறைந்துவிடும்.

இந்த அறிவிப்பு யாருக்கும் தனியாகச் சொல்லப்படுவதில்லை. அலை எட்டும் தூரத்தில் இருக்கும் எல்லாக் கருவிகளும் அதைக் கேட்கலாம். மாடியில் குடியிருப்பவரின் லேப்டாப்பும், வாசலில் நிற்கும் காரில் இருப்பவரின் போனும்கூட. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கம் பிரிண்டரில் பொத்தானை அழுத்தியதும், அது ஒவ்வொரு சேனலாகத் தாவி, 4 என்ற எண்ணோடு எந்த ரௌட்டர் கூவுகிறது என்று தேடுகிறது. தேடும்போது தானும் பொத்தான் முறையில் சேர வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே போகிறது. கண்டுபிடித்ததும் அந்த ரௌட்டரோடு ஓர் அரைகுறை இணைப்பை ஏற்படுத்துகிறது. அதில் இணையத்துக்குப் போக முடியாது, வீட்டிலுள்ள மற்றக் கருவிகளோடு பேசவும் முடியாது. சேர்க்கைக்கான பேச்சு மட்டுமே அந்த வழியில் நடக்கும். அந்தப் பேச்சில் பிரிண்டர் தன் பெயராகச் சொல்வது `WFA-SimpleConfig-Enrollee-1-0`. உலகில் எந்த நிறுவனம் செய்த கருவியாக இருந்தாலும் இதே பெயரைத்தான் சொல்லும். ஆகவே இதை வைத்து யார் வந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்க முடியாது.

அதன்பின் `M1` முதல் `M8` வரை எட்டுச் செய்திகள் மாறி மாறிப் போகின்றன. முதல் இரண்டில் பிரிண்டரும் ரௌட்டரும் ஆளுக்கொரு பெரிய எண்ணை வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்கின்றன. 1536 பிட் நீளமுள்ள எண்கள். டிஃபி, ஹெல்மன் என்ற இருவரின் பெயரால் வழங்கும் கணித முறை இது. ஒவ்வொரு தரப்பும் வெளியே சொல்லாத இன்னோர் எண்ணை உள்ளே வைத்திருக்கும். தன் ரகசிய எண்ணையும் எதிராளியின் வெளிப்படை எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால் இருவருக்கும் ஒரே விடை வரும். நடுவில் ஒட்டுக்கேட்பவருக்கு அந்த விடை வராது. அந்த விடையிலிருந்து பூட்டுச் சாவிகளை உண்டாக்கி, முக்கியமான விவரங்களை அவற்றால் மறைத்துத்தான் அனுப்புகிறார்கள். எட்டாவது செய்தியில் ரௌட்டர் வைஃபையின் பெயரையும் அதன் சாவியையும் தருகிறது. பிரிண்டர் அதைக் குறித்துக்கொள்கிறது. அந்த அரைகுறை இணைப்பு உடனே துண்டிக்கப்படுகிறது. அடுத்த கணம் பிரிண்டர், கடவுச்சொல் தெரிந்த மற்றக் கருவிகளைப் போல வழக்கமான முறையில் உள்ளே வருகிறது.

எனவே சும்மா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரால் பொத்தான் முறையிலிருந்து எதையும் திருட முடியாது. இந்த முறையை வடிவமைத்தவர்களுக்கு இதில் முழு மதிப்பெண் கொடுக்கலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. மூன்றாவது செய்தியிலிருந்து ஏழாவது வரை, இரு தரப்பும் தங்களுக்குப் பொதுவான ஒரு ரகசியம் தெரியும் என்று ஒருவருக்கொருவர் நிரூபிக்கிறார்கள். பொத்தான் முறையில் அந்த ரகசியம் என்ன தெரியுமா? `00000000`. எட்டு பூஜ்யம். நெறிமுறை ஆவணத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஆகவே நிரூபணம் என்பது வெறும் சடங்கு. ரௌட்டர் உண்மையில் சரிபார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்தாயா? வந்தவர் யார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

இது தெரியாமல் விடப்பட்ட விஷயம் அல்ல. அதற்காகவே ஒரு காவல் விதி வைத்திருக்கிறார்கள். பொத்தான் முறையில் சேர வந்த கருவிகளை ரௌட்டர் எப்போதும் எண்ணிக்கொண்டிருக்கும். பொத்தான் அழுத்தப்பட்டதும் அது பின்னோக்கியும் பார்க்கும். கடந்த 120 நொடிகளில் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் பொத்தான் முறையில் வந்திருந்தால் எவரையும் சேர்க்காது. அதேபோல் பிரிண்டரின் கண்ணில் இரண்டு ரௌட்டர்கள் ஒரே நேரத்தில் 4 என்று கூவினால், அதுவும் விலகிக்கொள்ளும். லினக்ஸ் கணினியில் இது நேர்ந்தால் `WPS-OVERLAP-DETECTED` என்ற செய்தி வரும். பிரிண்டரில் பெரும்பாலும் ஒரு விளக்கு வேகமாகச் சிமிட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரரும் அதே நேரத்தில் தன் டிவியை இணைத்துக்கொண்டிருந்தால் இது நடக்கலாம். பதறி மறுபடி மறுபடி அழுத்தினால் பலனில்லை. இரண்டு நிமிடம் முழுதாகக் கடந்தால்தான் பழைய கணக்கு அழியும்.

இந்த விதி நேர்மையான மோதல்களைப் பிடிக்கிறது. தந்திரக்காரரை எவ்வளவு பிடிக்கும் என்பது நீங்கள் எந்தப் பொத்தானை முதலில் அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹாலில் இருக்கும் ரௌட்டரில் முதலில் அழுத்திவிட்டு, உள் அறையில் இருக்கும் பிரிண்டரிடம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடையில் யாரோ கூப்பிட, 40 நொடி ஆகிறது. அந்த 40 நொடியும் ரௌட்டர் தயார், தயார் என்று கூவிக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்துக் கருவி ஒன்று அதற்குள் வந்துவிட்டால், ரௌட்டரின் பார்வையில் வந்தது ஒரே ஒரு கருவிதான், மோதல் இல்லை. சில நொடிகளில் எட்டுச் செய்திகளும் முடிந்து சாவி கைமாறிவிடும். வேலை முடிந்ததென்று ரௌட்டர் அடையாளத்தை எடுத்துவிடும். நீங்கள் பிரிண்டரில் அழுத்தும்போது கூவல் எதுவும் இல்லை. இரண்டு நிமிடம் தேடி அது ஓய்ந்துவிடும். ஏதோ கோளாறு என்று நினைத்து நீங்கள் மீண்டும் தொடங்குவீர்கள். இரண்டாம் முறை எல்லாம் சரியாக நடந்து, முதல் முறை மறந்தே போகும்.

வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் பிரிண்டரில் அழுத்திவிட்டு, பிறகு ரௌட்டரிடம் வருகிறீர்கள். நெறிமுறை இரண்டு வரிசையையும் அனுமதிக்கிறது. இப்போது பிரிண்டர் ஏற்கெனவே தன்னைச் சொல்லிக்கொண்டு சுற்றிவருகிறது, ரௌட்டரின் கணக்கில் அது ஏறிவிட்டது. நீங்கள் ரௌட்டரில் அழுத்தியபின் வேறொருவர் நுழையப் பார்த்தால், எண்ணிக்கை இரண்டாகி எல்லாமே நின்றுவிடும். பிரிண்டர் இணையாது, ஆனால் திருடனுக்கும் ஒன்றும் கிடைக்காது. பொத்தான் முறையைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்றால், கருவியில் முதலில், ரௌட்டரில் அடுத்து என்ற வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ரௌட்டரின் விளக்கு இணைந்துவிட்டதாகக் காட்டி, கருவி இணையவில்லை என்று சொன்னால், அதை அலட்சியம் செய்யாமல் ரௌட்டரின் நிர்வாகப் பக்கத்தில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்துவிட வேண்டும்.

இதையும் தாண்டிச் செல்லக்கூடிய தாக்குதல் உண்டு. நடுவில் நின்று பிரிண்டரிடம் ரௌட்டராகவும் ரௌட்டரிடம் பிரிண்டராகவும் நடித்து, இருவரும் ஒருவரையொருவர் கேட்காதபடி சரியான கணத்தில் அலையில் இரைச்சலைக் கொட்டினால், மோதல் விதி கண்ணை மூடிக்கொள்ளும். சென்னை ஐஐடியில் படித்து எம்ஐடிக்குச் சென்ற ஷ்யாம்நாத் கொல்லகோட்டாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் இதை எடுத்துக்காட்டி, நடுவில் யாராவது செய்தியை மறைத்தாலோ மாற்றினாலோ அலையிலேயே தடயம் விழும்படியான ஒரு மாற்று முறையை வகுத்தார்கள். ஆய்வு உலகம் அதைப் பாராட்டியது, வீட்டு ரௌட்டர்களில் அது வந்து சேரவில்லை. ஆனால் இந்தத் தாக்குதலைச் செய்ய, நீங்கள் பொத்தானை அழுத்தும் அந்த இரண்டு நிமிடத்தில் எதிரி அருகில் கருவிகளோடு காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ பொத்தானை அழுத்தும் ஒரு வீட்டைக் குறிவைத்து அப்படிக் காத்திருப்பவர் அரிது. பொத்தான் மட்டும் இருந்திருந்தால் டபிள்யூ.பி.எஸ்.-ஐ அணைக்கச் சொல்லி இவ்வளவு குரல் எழுந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

குரல் எழக் காரணமானது ரௌட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் எட்டு இலக்க எண். `WPS PIN` என்று அதன் அருகில் எழுதியிருக்கும். பொத்தான் இல்லாத கருவிகளுக்காக வந்த வழி இது. சான்று பெறும் ஒவ்வொரு ரௌட்டரும் இந்தப் பின் எண் முறையை ஏற்கவேண்டும் என்பது விதி. இந்த எண் தெரிந்த எந்தக் கணினியும், பிரிண்டரின் இடத்தில் ரௌட்டரும் ரௌட்டரின் இடத்தில் தானுமாக அதே செய்திப் பேச்சைத் தொடங்கி, வைஃபை சாவியைக் கேட்டு வாங்கலாம். பொத்தானை யாரும் அழுத்த வேண்டியதில்லை. இரண்டு நிமிட வரம்பும் இல்லை. நள்ளிரவு மூன்று மணிக்கு, வீட்டில் எல்லோரும் தூங்கும்போதும், ரௌட்டர் பதில் சொல்லத் தயாராக இருக்கும்.

எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி எண்கள். ஒவ்வொன்றாக முயன்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும். அந்த நம்பிக்கையில்தான் அதை விட்டுவைத்தார்கள். 2011 டிசம்பரில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஸ்டெஃபான் ஃபீபெக் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அவர் கண்டது இரண்டு விஷயம்.

முதலாவது சிறியது. எட்டாவது இலக்கம் தனி எண்ணே அல்ல, முதல் ஏழிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். பல ரௌட்டர்களில் காணப்பட்ட `12345670` என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். முதல் இலக்கத்தை மூன்றால் பெருக்கு, அடுத்ததை அப்படியே எடு, அதற்கடுத்ததை மூன்றால் பெருக்கு என்று மாற்றி மாற்றிப் போனால் 3, 2, 9, 4, 15, 6, 21 என்று வரும். கூட்டினால் 60. அதை அடுத்த பத்தின் மடங்காக்க என்ன வேண்டும்? ஒன்றும் வேண்டாம், அதனால் கடைசி இலக்கம் 0. கை தவறி உள்ளிடுவதைக் கண்டுபிடிக்க இது நல்ல உத்தி. ஆனால் ஊகிக்க வேண்டிய எண்கள் பத்துக் கோடியிலிருந்து ஒரு கோடியாகக் குறைந்துவிடுகின்றன.

இரண்டாவதுதான் அஸ்திவாரத்தையே அசைத்தது. இந்த வழியில் சாவியைக் கேட்டு வருபவர், பின் எண்ணின் முதல் நான்கு இலக்கங்கள் தனக்குத் தெரியும் என்பதை `M4` செய்தியில் நிரூபிக்கிறார், மீதி நான்கை `M6`-இல் நிரூபிக்கிறார். இப்படிப் பாதி பாதியாகப் பிரித்ததற்கு நல்ல நோக்கம் இருந்தது. எதிரில் இருப்பது போலி ரௌட்டராக இருந்தால், ஒரே மூச்சில் முழு எண்ணும் அதன் கையில் போய்விடக் கூடாது. ஆனால் ரௌட்டர் தரும் பதிலைப் பாருங்கள். `M4` தவறானால் உடனே மறுப்புச் செய்தி வருகிறது. சரியானால் `M5` வருகிறது. ஆக, முதல் பாதி சரியா தவறா என்று ரௌட்டரே சொல்லிவிடுகிறது. பயணப் பெட்டியின் எண் பூட்டில் எட்டுச் சக்கரங்கள் இருந்து, முதல் நான்கும் சரியாக நின்றதுமே டக் என்று சத்தம் கேட்டால் அந்தப் பூட்டு எப்படியோ, அப்படி. முதல் பாதிக்கு அதிகபட்சம் 10,000 முயற்சி. இரண்டாம் பாதியில் கடைசி இலக்கம் கணக்கில் கிடைத்துவிடுவதால் 1,000 முயற்சி. இரண்டையும் பெருக்க வேண்டாம், கூட்டினால் போதும். மொத்தம் 11,000.

ஒரு முயற்சிக்கு 1.3 நொடி என்று வைத்தால், எல்லாவற்றையும் முயல 14,300 நொடி, அதாவது நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சராசரியாக அதில் பாதியிலேயே எண் அகப்பட்டுவிடும். இதே ஓட்டையைத் தனியாகக் கண்டுபிடித்திருந்த அமெரிக்கரான கிரெய்க் ஹெஃப்னரின் குழு, ரீவர் என்ற மென்பொருளை அதே நாட்களில் வெளியிட்டது. அதன்பின் கணிதம் தெரியாதவர்களும் இதைச் செய்ய முடிந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் செர்ட் மையம் அந்த மாதமே எச்சரிக்கை விடுத்து, டபிள்யூ.பி.எஸ்.-ஐ அணைத்துவிடும்படி அறிவுறுத்தியது. அணைக்கும் பழக்கம் பரவத் தொடங்கியது அங்கிருந்துதான்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, ரௌட்டர் கடைசியில் எதைக் கொடுக்கிறது என்பது. பின் எண் சரியானதும் `M7` செய்தியில் வைஃபை கடவுச்சொல் அப்படியே வந்துவிடும். நீங்கள் எட்டு எழுத்தில் வைத்தீர்களா, அறுபது எழுத்தில் வைத்தீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை. கடவுச்சொல்லை மாற்றினாலும் பயனில்லை, பின் எண் மாறாத வரை புதிய கடவுச்சொல்லும் அதே வழியில் போகும். அக்கறையோடு நீளமான கடவுச்சொல் வைத்த வீட்டுக்காரருக்கு இது பெரிய அநியாயம். அவர் வைத்த காவலை, அவர் கண்ணிலேயே படாத ஒரு ஸ்டிக்கர் எண் வீணாக்கிவிடுகிறது.

தயாரிப்பாளர்கள் சும்மா இருக்கவில்லை. சில தவறான முயற்சிகளுக்குப் பிறகு பின் எண் வழியைக் கொஞ்ச நேரம் பூட்டும் ஏற்பாடு வந்தது. மூன்று தவறுக்கு 60 நொடி பூட்டு என்று வைத்தால், 11,000 முயற்சிக்கு ஏறக்குறைய 65 மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் ஏறக்குறைய இரண்டே முக்கால் நாளாகிறது. பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டே முக்கால் நாள் ஒரு தடையா? பூட்டும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிய ரௌட்டர்களும், சில தவறுகளுக்குப் பிறகு மறுதொடக்கம் வரை திறக்காத ரௌட்டர்களும் ஓரளவு தப்பித்தன.

2014-இல் அந்தத் தடையும் சில ரௌட்டர்களில் பயனற்றுப் போனது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டொமினிக் பொன்கார் கண்டுபிடித்த அந்தத் தாக்குதலுக்குப் பிக்ஸி டஸ்ட் என்று பெயர். ரௌட்டர் `M3` என்ற மூன்றாவது செய்தியில், பின் எண்ணின் இரு பாதிகளையும் கலந்து அரைத்த இரண்டு முத்திரைகளை அனுப்புகிறது. அரைக்கும்போது எவராலும் ஊகிக்க முடியாத இரண்டு எண்களைச் சேர்த்தால்தான் முத்திரையிலிருந்து பின் எண்ணை மீட்க முடியாது. சில சிப்புகள் அந்த எண்களை எளிதில் ஊகிக்கக்கூடிய விதத்தில் உண்டாக்கின. சிலவற்றில் அவை எப்போதும் பூஜ்யமாகவே இருந்தன. அப்படிப்பட்ட ரௌட்டரோடு ஒரே ஒரு முறை பேசி மூன்றாவது செய்தியை வாங்கிக்கொண்டால் போதும். மீதி 11,000 முயற்சியும் தாக்குபவரின் சொந்தக் கணினியிலேயே நடக்கும், சில நொடிகளில் முடியும். ரௌட்டரிடம் தவறான முயற்சியே போகாததால், பூட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

இப்போது அணைக்கும் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான ரௌட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் வயர்லெஸ் பகுதிக்குள் `WPS` என்று ஒரே ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்தால் பொத்தானும் பின் எண்ணும் சேர்ந்தே போகும். சிலவற்றில் பின் எண்ணை மட்டும் தனியாக அணைக்க முடியும். அந்த வசதி இருந்தால் அதைச் செய்துவிட்டுப் பொத்தானை வைத்துக்கொள்வது ஏற்கத்தக்க சமரசம் என்பது என் கருத்து. இரண்டும் சேர்ந்தே இருந்தால் இரண்டையும் அணைப்பதே சரி. பழைய ரௌட்டர்கள் சிலவற்றில் அணைத்ததாகத் திரை சொன்ன பிறகும் பின் எண் வழி திறந்தே இருந்தது 2011, 2012 வாக்கில் தெரியவந்தது. ஆகையால் திரையை நம்பாமல் பீக்கனைப் பார்ப்பது நல்லது. லினக்ஸ் கணினி இருந்தால், சில நொடி இடைவெளி விட்டு இரண்டு கட்டளைகள் போதும்:

```
sudo wpa_cli -i wlan0 scan
sudo wpa_cli -i wlan0 scan_results
```

இரண்டாவது கட்டளையின் விடையில் வரும் வரிகள் இப்படி இருக்கும்:

```
02:00:00:aa:bb:01  2437  -48  [WPA2-PSK-CCMP][WPS][ESS]  Veedu
```

`2437` என்பது ஆறாவது சேனலின் அலைவரிசை, `-48` சமிக்ஞையின் வலிமை. நாம் தேடுவது நடுவிலுள்ள `[WPS]`. அது இருந்தால் அந்த ரௌட்டர் இந்த வசதியை இன்னும் அறிவித்துக்கொண்டிருக்கிறது. பொத்தானை அழுத்திய உடனே பார்த்தால் அதே இடத்தில் `[WPS-PBC]` என்று மாறியிருக்கும், இரண்டு நிமிடம் கழித்துப் பழையபடி ஆகிவிடும். அணைத்த பிறகு அந்தச் சொல்லே காணாமல் போகவேண்டும். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அலைகளை ஆராயும் செயலிகள் சிலவும் இதே குறியைக் காட்டும். ரௌட்டர் இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பினால் இரண்டுக்கும் தனித்தனி வரிகள் வரும், இரண்டையும் பார்க்கவேண்டும்.

போன் வைத்திருப்பவருக்கு இதை அணைப்பதால் எந்த இழப்பும் இல்லை. ஐபோனில் இந்த வசதி எப்போதுமே இருந்ததில்லை. ஆண்ட்ராய்டு 2018-இல் வந்த தன் ஒன்பதாம் பதிப்பிலிருந்து இதை எடுத்துவிட்டது. டபிள்யூ.பி.ஏ.3 மட்டும் இயங்கும் வலையில் பொத்தான் வேலை செய்யாது. அதற்குப் பதிலாக 2018-இல் வந்த ஈஸி கனெக்ட் முறையில், சேரவேண்டிய கருவியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியைப் போனால் படம் பிடிக்கிறோம். அந்தக் குறிக்குள் அந்தக் கருவியின் பொதுச் சாவி இருக்கிறது. எனவே பொத்தான் கேட்காத கேள்வி, வந்திருப்பது எந்தக் கருவி என்பது, அங்கே முதலிலேயே கேட்கப்படுகிறது. அதை ஆதரிக்கும் பிரிண்டர்கள் இன்னும் குறைவு என்பதால், பலருக்கு இன்றைக்கும் பொத்தான்தான் கண்ணில் படுகிறது.

பொத்தான் தேவைப்படும் நாளில் அதை இயக்கி, கருவியைச் சேர்த்து, மறுபடி அணைத்துவிடலாம். சேர்ந்த கருவி கடவுச்சொல்லைத் தன்னிடம் வைத்துக்கொள்வதால் அதன் இணைப்பு அறுந்துபோகாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: பல ரௌட்டர்களில் இதே பொத்தான்தான் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பொத்தானும். ஒரு நொடி அழுத்தினால் இணைப்பு, அதையே விடாமல் சில நொடி பிடித்திருந்தால் எல்லா அமைப்பும் அழிந்துவிடும். இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரும் அதன் கடவுச்சொல்லும்கூட. தொட்டு விட்டுவிட வேண்டும்.

யாரோ ஏற்கெனவே நுழைந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், அணைப்பது மட்டும் போதாது. பொத்தான் வழியாக வந்தாலும் பின் எண் வழியாக வந்தாலும், அவர் கையில் போனது வீட்டிலுள்ள எல்லோரும் பயன்படுத்தும் அதே கடவுச்சொல்தான். முதலில் `WPS`-ஐ அணைத்து, பீக்கனில் அந்தக் குறி போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, அதன்பிறகு வைஃபை கடவுச்சொல்லை மாற்றுங்கள். வரிசை முக்கியம். முதலில் கடவுச்சொல்லை மாற்றினால், திறந்திருக்கும் பின் எண் வழியே புதியதும் போய்விடக்கூடும். மாற்றிய பின் பிரிண்டருக்குப் புதிய கடவுச்சொல்லைத் தர, அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக உள்ளிட வேண்டியதில்லை. பல பிரிண்டர்களில், யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து நிறுவன மென்பொருள் வழியே ஒருமுறை அமைத்துவிட்டால், கம்பியைப் பிடுங்கியதும் வைஃபையில் வேலை செய்யத் தொடங்கிவிடும்.